கீபோர்டு வாங்கிய லீவு

நான் கப்பலில் இருந்த ஒன்பது மாதமும் என் துப்பாக்கிச் சண்டை கேம் கணக்கில் தம்பிதான் விளையாடி, ரேங்க் இறங்காமல் காத்தான். எங்கள் தெருவில் கப்பலேறுகிறவன் பைக் சாவியோடு கேம் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

லீவில் தூத்துக்குடி வந்ததும் போனுக்கு ப்ளூடூத் கீபோர்டும் மவுசும் வாங்கினேன். "எல்லா கேமுக்கும் ஓடும் அண்ணாச்சி," என்றான் கடைக்காரன். கார் பந்தயம் அருமையாக ஓடியது. சண்டை கேமில் எந்தக் கீயை அமுக்கினாலும் ஆள் அசையவில்லை. மவுஸ் அம்பு விரல் மாதிரித் திரையைத் தொட்டதே தவிர, துப்பாக்கி திரும்பவில்லை. கடைக்குப் போய்க் கத்தினேன்.

"கேம் செஞ்சவன் வழி வச்சிருந்தாத்தான் ஓடும். கீ அமுக்குறதத் திரையத் தொடுற மாதிரி மாத்துற ஆப் இருக்கு, அதப் போடுங்க," என்றான் கூசாமல்.

"போடாதண்ணே, கள்ளாட்டம்னு கேம்காரன் கணக்கையே பேன் பண்ணிருவான்," என்றான் கூட வந்த தம்பி.

"போ லே, எனக்கே சொல்லுதியா?" என்று எரிந்து விழுந்து, ஆப்பைப் போட்டு ஆடினேன்.

மூன்றாம் நாள், கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டதாகத் திரையில் வந்தது. கீபோர்டைச் சுவரில் அடித்தேன். சிதறிய கீக்களைப் பொறுக்கியபடி தம்பி கேட்டான்: "அடுத்து எப்பண்ணே கப்பல் ஏறுத?"