முப்பத்தேழாம் ஸ்லைடு

தடுப்பூசிப் பயிற்சி கொடுத்தவர் தன் பாட ஸ்லைடுகளைத் தந்திருந்தால் எனக்கு இந்த எரிச்சலே இல்லை. ஒரே ஒரு கோப்பு. அனுப்ப ஒரு நிமிடம் ஆகியிருக்கும். "எல்லாம் வீடியோவுலயே இருக்குதுங்களே மேடம், அதைப் பாத்துக்கோங்க" என்று மட்டும் என் மகளிடம் சொல்லிவிட்டார்.

மகள் மலையில் ஒப்பந்த நர்ஸ். திங்கட்கிழமை திருப்பத்தூரில் தேர்வு. அதில் தேறாவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள். கையில் இருந்ததோ பென்டிரைவில் இரண்டு மணி நேரப் பாட வீடியோ. பகலெல்லாம் ஊர் ஊராகத் தடுப்பூசி வேலை, படிக்க நேரம் கிடைப்பது பஸ்ஸில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் செல்போனைப் பார்த்தால் அவளுக்கு வாந்தி வரும், காகிதமென்றால் வராது. ஏன் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஸ்லைடுகளைப் படமாக எடுத்து, ஒரே பிடிஎப்பாக்கி, அச்சடித்து வாங்கி வருவது என் பொறுப்பு. சனிக்கிழமை காலை ஜமுனாமரத்தூரில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாணியம்பாடிக்காரர், நாற்பது வயதிருக்கும். "இன்னா சார், இதுக்கு ஒரு சாப்ட்வேர் கீது. படம் மாறினா அதுவே புடிச்சிக்கும். டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்து எண்ணினேன். நாற்பத்தொரு பக்கம். கடைசிப் பக்கத்தின் வலது மூலையில் ஸ்லைடு எண் ஐம்பத்து மூன்று என்றிருந்தது.

"பன்னெண்டு எங்கே?"

"ஒரே மாரி இருந்ததை அது தள்ளிட்ச்சி சார். பேப்பர் மிச்சம்தானே?"

தள்ளியது எவற்றை? தடுப்பூசி அட்டவணைகளை. எல்லாவற்றுக்கும் அதே நீலத் தலைப்பு, அதே கோடுகள். கட்டங்களுக்குள் இருக்கும் வயதும் அளவும்தான் வேறு. கணினிக்கு அது மாற்றமாகத் தெரியவில்லை. தேர்வில் கேட்பதே அதைத்தான். எடுத்திருந்த பக்கங்களிலும் சிலவற்றில் தலைப்பு மட்டும் இருந்தது, கீழே வெறுமை. பயிற்சியாளர் வரிகளை ஒவ்வொன்றாக வரவழைத்துப் பேசியிருக்கிறார். மென்பொருளோ முதல் வரி வருமுன்பே படம் பிடித்துவிட்டது.

நான் சத்தம் போட்டேன். கடைக்காரர் கோபித்துக்கொண்டு, சின்ன மாற்றத்தையும் பிடிக்கும்படி செய்தார். வந்தவை எழுநூற்றுப் பதினாறு. வீடியோவின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் தெரியும் பயிற்சியாளர் தலையாட்டும்போதெல்லாம் ஒரு படம்.

"இத்தையும் எண்ணிட்டீங்களா சார்?"

"எண்ணாமல்?"

"அப்போ நீங்களே அந்த சாப்ட்வேருக்குப் பதிலா உக்காந்துக்கோங்க, எனக்குக் கரண்டாவது மிச்சம்."

அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: முழுப் படத்தையும் ஏன் ஒப்பிட வேண்டும்? எண் இருக்கும் மூலையை மட்டும் பார்த்தால் போதாதா? சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எண்ணு மார்றதுக்கு ஒரு செகண்டு முன்னாடி முழுப் படத்தையும் எடுத்தா எல்லா வரியும் வந்திருக்கும் சார்" என்றார். அப்படியே செய்தார். கடைசி ஸ்லைடுக்குப் பிறகு எண் மாறாதாகையால் அதைக் கையால் எடுத்தார். பயிற்சியாளர் இடையில் பழைய ஸ்லைடுகளுக்குத் திரும்பிப் போனதால் இரண்டு முறை வந்தவற்றை நான் பார்த்து நீக்கச் சொன்னேன்.

ஐம்பத்திரண்டு. முப்பத்தேழாம் ஸ்லைடு இல்லை. வீடியோவை நானே ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தாறிலிருந்து நேராக முப்பத்தெட்டு. மனிதர் ஒன்றை மறைத்து வைத்துவிட்டு நடத்தியிருக்கிறார்!

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, அது வரலன்னா வுட்டுடுங்க. இது போதும், இன்னிக்கே அச்சடிச்சி வாங்கியாங்க."

எப்படி விடுவது? கடை வாசலிலிருந்தே பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். முப்பத்தேழில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லைங்க சார். லேப்டாப்பு பார்மட் ஆகிப் போச்சி. அந்த ஸ்லைடு பைலு இப்ப என்கிட்டயே இல்ல. வேற பேட்ச்சுக்காரங்களும் கேக்கறாங்க. நீங்க எடுத்ததை எனக்கு ஒரு காப்பி அனுப்பறீங்களா?"

தொலைந்துவிட்டது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் பேசாமல் கடைக்கு வந்திருப்பேன். வீடியோவில் பார்த்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் பெரிய மனுஷத்தனம் காட்டியவர், அவள் தகப்பன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து உரித்தெடுத்ததைக் கேட்கிறார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கடைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

மகள் அந்த ஐம்பத்திரண்டு பக்கங்களையும் பஸ்ஸிலேயே படித்துத் தேறிவிட்டாள். அட்டவணையிலிருந்து நான்கு கேள்வி வந்ததாம். தேறிய கையோடு பிடிஎப்பை அந்த மனிதருக்கு அனுப்பியும்விட்டாள். "மத்த நர்சுங்க இன்னாப்பா பாவம் பண்ணாங்க?" என்கிறாள்.

அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. அவரிடமிருந்து எனக்கு ஒரு நன்றி கூட வரவில்லை.