பெயர் மேல் படாத கத்தி

தாம்பரத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் என் உயிரை வாங்கியது கேக் ஓவனும் இல்லை, கரண்ட்டும் இல்லை, ஆர்டர் கொடுக்க வந்த மனுஷர்கள்தான். சொன்னதை மாற்றிப் பேசுவார்கள் என்றுதான் ஆர்டர் ஃபார்ம் ஒன்றை எழுதி ஜெராக்ஸ் போட்டு வைத்தேன். தேதி, ஃப்ளேவர், கேக்கின் மேல் என்ன எழுத வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு. நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தகராறு இருக்காது என்று நினைத்தேன். என் நினைப்பில் மண்ணைப் போட்டார் பொழிச்சலூர்க்காரர் ஒருவர்.

நிலபுலன் உள்ள குடும்பம். மகளுக்கு முதல் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை, பைனாப்பிள், 'ஹேப்பி பர்த்டே', கீழே மகள் பெயர். பாதிப் பணத்தை அட்வான்ஸாக வைத்துவிட்டுப் போனார். மறுநாள் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், வாசலில் புல்லட் சத்தம். பெயர் வேண்டாமாம். ஃபார்மில் அதை அடித்துவிட்டேன். சாயங்காலமே திரும்ப வந்தார். வீட்டில் சம்சாரம் அழுகிறாராம், பெயர் வேண்டுமாம். அடுத்த நாள் 'பாப்பா' என்று மட்டும் போதுமாம். அப்புறம் அதுவும் கூடாதாம். ஃபார்மில் அந்தக் கட்டம் பூராவும் அடித்தல் திருத்தல், எழுத இடமே இல்லை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

சனிக்கிழமை கேக் ஆறிக்கொண்டிருந்தது, க்ரீமும் அடித்தாயிற்று. மறுபடி வந்து நின்றார்.

"பேர் வேணுமா, வேணாமா? இனிமே மாத்தினீங்கன்னா அட்வான்ஸ் திரும்ப வராது" என்றேன்.

"அட்வான்ஸ நீங்களே வெச்சிக்கங்கக்கா. புள்ள பேர் மேல கத்தி வெக்கச் சொன்னா என்னால முடியாது."

அப்புறம்தான் சொன்னார். முதல் குழந்தை, பெயர் வைப்பதற்குள்ளேயே போய்விட்டதாம். அதனால் இந்தக் குழந்தையின் பெயரை ஊரே படிக்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. அதை வெட்டக் கூடாது என்று இவருக்குப் பயம். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் உள்ளே போனேன். பெரிய பலகையாக எடுத்து வெள்ளித்தாள் ஒட்டி, கேக்கைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன். முன்னால் மிச்சமிருந்த இடத்தில், பலகையின் மேலேயே, காய்ந்தால் கெட்டியாகிவிடும் ஐசிங்கில் பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போனார். பலகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஃபார்மிலேயே போட்டிருந்தேன். யார் தருகிறார்கள்? என்னிடம் இருந்த பெரிய பலகையே அது ஒன்றுதான். கேட்டுக் கேட்டு அலுத்து, திட்டிக்கொண்டே பொழிச்சலூருக்கு பஸ் ஏறினேன்.

பலகையை டிவி மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். கேக் இருந்த இடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி எழுத்து எழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் தலையைச் சொறிந்தார். "சுரண்டிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேங்க்கா. அதுக்கும் கத்திதான் எடுக்க வேண்டி கீது."

பலகை உடைந்துபோனதாக ஃபார்மில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.