லேபர் ஆபீசருக்காக எழுதிக் காட்டிய பெயர்

சுதந்திரம் வந்த மறு வருஷம், நான் வேலை பார்த்த மில்லில் லேபர் ஆபீசரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று பார்த்துச் சொல்ல, கோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் கம்பெனியின் பெரிய ஆபீசிலிருந்து ஒரு பார்சிப் பெரியவர் வந்தார். அவர் முன்னால் நானும் போய் நிற்க வேண்டி வந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரலை நானே கேட்டதில்லை, அப்படிப்பட்டவள் நான்.

நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் எனக்கு வேலை, கட்டு என்று சொல்வோம். முழுக்கப் பெண்கள். நான் பத்லி. நிரந்தரக்காரி யாராவது வராத நாளில் அவள் மெஷினில் நிற்கிறவள்தான் பத்லி. தாராவியிலிருந்து விடியும்போதே நடந்துபோய் கேட்டில் நிற்போம். முன்பெல்லாம் எங்கள் கட்டு மேஸ்திரியம்மா, நாயக்கின் என்று சொல்வோம், அவள் வந்து விரலை நீட்டுவாள். அவள் வீட்டில் மாவு இடித்துக் கொடுத்தவளுக்கு வேலை, மற்றவள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்த விரலை மடக்கினவர் லேபர் ஆபீசர். மாட்டுங்காக்காரர், படித்தவர், சின்ன வயசு. ஒரு வருஷம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதாகச் சேர்த்திருந்தார்கள். எல்லோருக்கும் நம்பர் போட்ட கார்டு கொடுத்தார். காலையில் நம்பர் வரிசையில்தான் கூப்பிட வேண்டும். நிரந்தர இடம் காலியானால் பத்லியாக அதிக நாள் வேலை செய்தவளுக்கு அது போக வேண்டும்.

அப்படி ஒரு இடம் காலியானபோது எனக்குக் கிடைத்தது. எட்டு வாரம் என் மெஷின், என் மெஷின் என்று துடைத்துத் துடைத்து வைத்தேன். எங்கள் சந்திலேயே இருந்த இன்னொருத்தி, எங்கள் ஊர்க்காரிதான், மயினி என்று கூப்பிடுவேன், அவளுக்கு மனசு ஆறவில்லை. “ஏளா, ஒன்னைவிட நான் கூட நாள் நின்னிருக்கேன். நீ எப்படி எனக்கு முந்தினே?” என்று கேட்டாள். நேரே லேபர் ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதி வைத்துவிட்டாள்.

ஆபீசர் ரெஜிஸ்டர்களைப் பிரித்துப் பார்த்தார். சம்பளம் டோக்கன் நம்பரைப் பார்த்துக் கொடுப்பது, அதில் பிழை இல்லை. ஆனால் வேலை செய்த நாளை அவர் தன் ரெஜிஸ்டரில் பெயரைப் பார்த்து ஏற்றியிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அம்மன் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரே ஊர்ப்பெயர். மயினியின் நாளெல்லாம் என் பக்கத்தில் ஏறியிருந்தது.

இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, தான் எழுந்து நின்றுகொண்டு சொன்னார். தப்பு தன்னுடையது என்றார். மெஷின் மயினிக்குப் போனது. நான் அழுதுகொண்டே நின்றேன். அவர் புகார் புத்தகத்தை எடுத்து, “உங்களுக்கு நஷ்டம் பண்ணினது நான். என் பேர்ல புகார் எழுதறேன், கையெழுத்துப் போடுங்கோ. இதை நான் தீர்க்கப்படாது, மானேஜர்தான் பார்க்கணும்” என்றார். தன் மேலேயே புகார் எழுதின மனுஷரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பத்லியாகச் சேர்ந்த தேதியும் என் சொந்த நாட்களும் குறையாமல் வரிசையில் நிற்கும் என்று பதில் எழுதிக் கொடுத்தார்.

மானேஜரிடமும் நான் சொல்லாமல் விட்ட ஒன்று என் நெஞ்சில் கிடந்தது.

பார்சிப் பெரியவர் வந்த அன்று ஆபீசர் எங்கள் கட்டுக்கு வந்து, “இன்னிக்கு என்னைப் பரீட்சை பண்ண வந்திருக்கா. கேட்டா உள்ளதைச் சொல்லுங்கோ. எனக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நாயக்கின் என் பக்கத்தில் வந்து நின்றாள். உன்னை மெஷினிலிருந்து இறக்கினவன் அவன்தானே, அதை மட்டும் சொல், நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லாத நாளே இருக்காது என்றாள். அவர் போய்விட்டால் மறுபடியும் அவள் விரல்தான் என்று எனக்குத் தெரியும். அவர் இருந்துவிட்டாலும் கட்டுக்குள்ளே அவள் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும். அறுந்த நூலை முடிச்சுப் போட வரவில்லை.

கூப்பிட்ட அறைக்குள் அவளும் கூடவே நுழைந்தாள். இவளுக்குப் பேச வராது, நான் சொல்கிறேன் என்றாள். பெரியவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “இவளுக்குப் பேச வராவிட்டால் நான் காத்திருக்கிறேன். நீ வெளியே போய் இரு” என்றார். ஆபீசரும் உள்ளே இல்லை.

மேஜையில் பத்லி கார்டுகள். அடுக்கிலிருந்து இஷ்டத்துக்கு ஒன்றை உருவி, ஆஜர் எழுதுகிற மஸ்டரில் அந்த நாள் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். புகார் புத்தகத்தில் வந்த தேதியும் தீர்த்த தேதியும் பார்த்துப் பக்கத்தில் குறித்திருந்தார். அந்த அடுக்கிலிருந்து என் கார்டையும் மயினி கார்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். இந்தியில்தான் கேட்டார்.

“ஒரே பெயரில் இரண்டு கார்டு. இல்லாத ஆளுக்குக் கார்டு எழுதி, வேண்டியவளுக்கு வேலை நாட்களைக் கூட்டிக் கொடுப்பது பழைய வித்தை. உன் ஆபீசரும் மதராஸி, நீயும் மதராஸி. இது தப்பா, வித்தையா?”

வித்தை என்று எழுதிவிட்டால் ஆபீசர் தலை நிமிர முடியாது. நான் பேசாமல் இருந்தாலே அது நடந்துவிடும்.

மெதுவாகச் சொன்னேன். கார்டு எழுதின அன்று ஆபீசர், உங்கள் பெயர், புருஷன் பெயர் என்று கேட்டார். எங்களில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சங்கடப்பட்டு, சரி ஊர்ப்பெயர் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பின்னால் நின்ற மயினியும் அதையேதான் செய்தாள். ஒருத்தியாவது வாய் திறந்திருந்தால் இரண்டு கார்டும் வேறு வேறாக இருந்திருக்கும். “அவர் மட்டும் தப்பு செய்யலை சாப். நாங்களும்தான்.”

“அப்படியானால் உன் புருஷன் பெயர் என்ன?”

அதை வாயால் சொல்ல மாட்டேனே. பெரியவர் சொன்னபடி காத்திருந்தார். நான் பென்சிலைக் காட்டினேன், கொடுத்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தது அன்றைக்குத்தான் உதவியது. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக என் புருஷன் பெயரைத் தமிழில் எழுதினேன். மயினி புருஷன் பெயரையும் கீழே எழுதினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. டைம் ஆபீஸ் தமிழ்க் குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். குமாஸ்தா சத்தமாகப் படித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

பெரியவர் கார்டுகளைத் திருப்பினார். பின்பக்கம் இரண்டு பெயரும் ஏற்கெனவே இருந்தன, ஆபீசரின் கையெழுத்தும் தேதியும். தப்பு தெரிந்த வாரமே எல்லாப் பெண்களையும் ரேஷன் கார்டு கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்து எழுதியிருந்தார். நாட்களின் பழைய எண்ணிக்கையைச் சுரண்டவில்லை, ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதியிருந்தார். நான் எழுதின பெயர்களும் கார்டில் இருந்தவையும் ஒன்றாக இருந்தன.

“உன் மெஷினை எடுத்தவர் மேல் உனக்குக் கோபம் இல்லையா, அம்மா?”

“அது என் மெஷின் இல்லை, சாப்” என்றேன்.

ஒரு மாதம் கழித்து ஆபீசர் எங்கள் கட்டுக்கு வந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆட்களை எடுப்பதிலும் புகாரைக் கேட்பதிலும் குறை இல்லை, ரெஜிஸ்டரில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதிலிருந்து வேலை நாட்களையெல்லாம் நம்பரைப் பார்த்துத்தான் ஏற்றினார். நாயக்கின் என்னோடு நெடுநாள் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, காலையில் என் நம்பரைத் தாண்டி யாரையும் கூப்பிட அவளால் முடியவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் என் முறை வந்தது. மயினிக்குப் பக்கத்து மெஷின். பின்னால் பிள்ளைகள் படித்தது, செம்பூரில் ஒரு வீடு அமைந்தது எல்லாம் அந்த மெஷினில் நின்றுதான். அந்த ஆபீசரை நினைக்காமல் நான் விளக்கேற்றியதில்லை.

அன்று எழுதின புருஷன் பெயரை இங்கேயும் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அது அந்த ஆபீசருக்காக எழுதினது.