கூட்டல் பிழை

மலேசியாவின் கிள்ளானில் நான் படித்த தனியார் கல்லூரியில், "உனக்குக் கூட்டலே வராதா?" என்று கணக்கியல் விரிவுரையாளர் வகுப்பே சிரிக்கும்படி கேட்டார். நான் மறக்கவில்லை.

பருவ முடிவில் அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் போர்ட்டலில் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் பிழை இருந்தால் சொல்லலாம். எனக்குப் பதினேழு. அவர் திருத்தித் தந்த தாளைக் கூட்டினேன், பதினொன்றுதான். தாளைப் படம் பிடித்து இணைத்துப் புகார் பதிந்தேன். அது துறைத்தலைவருக்கும் போகும்.

விரிவுரையாளர் தேடி வந்தார். "கூடத்தானேம்மா வந்திருக்கு, கேன்சல் பண்ணிடு லா."

"கூட்டல் தப்பு சார்," என்றேன்.

வகுப்பு முழுவதன் தாள்களையும் துறைத்தலைவர் அவரையே மறுபடி கூட்ட வைத்தார். எனக்கு ஆறு மதிப்பெண் போயிற்று. அறையின் கண்ணாடிக் கதவு வழியே விரிவுரையாளர் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். இன்னும் ஆறு போனாலும் போகட்டும் என்றிருந்தது.