நான்கு நிறத்தில் ஒரு முகம்

திண்டிவனத்தில் எங்களுக்கு ரேடியம் ஸ்டிக்கர் கடை. வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் வெட்டுவார். வெட்டியதில் வேண்டாததை ஊசியால் கிளப்பி உரித்தெடுப்பது என் வேலை. அதனால் யாராவது போட்டோவை நீட்டி “இதே மாதிரி வேணும்” என்றால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, கண் போவது எனக்கல்லவா?

அந்தக் கண்டாச்சிபுரத்துப் பெண் நீட்டியதும் ஒரு போட்டோதான். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் புருஷனைத் தொலைத்தவள். “டீ குடிச்சிட்டு வர்றேன்னு போனாருக்கா. நான் அங்கியே நின்னுக்கினு இருந்தேன்” என்றாள். அவளுடைய அண்ணன் வேன் ஓட்டுகிறவர். வேனின் பின்கண்ணாடியில் போட்டோவைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி, ‘காணவில்லை’ என்று எழுதி, போன் நம்பரும் போட்டிருந்தார்கள். ஒரே கோடையில் முகம் வெளுத்துப் போய்விட்டது.

“ரேடியத்துல நிறம் மேல பூசுறது இல்லம்மா. அந்த ஸ்டிக்கரே அந்த நிறம்தான். வருஷக்கணக்கா நிக்கும்” என்றார் வீட்டுக்காரர். வருஷக்கணக்காகவா இவள் தேட வேண்டும் என்று நான் நினைத்தேன். அவளோ அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். “இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்குங்கா. அருவா பட்டது. அத வெச்சிதான் அடையாளம்.”

முதலில் ஆறு நிறத்தில் வெட்டினோம். இரண்டு நாள் தாடி, கன்னத்து நிழல் எல்லாம் கடுகு கடுகாகச் சிதறி நின்றன. வேண்டாததை இழுத்தால் வேண்டியதும் கூடவே வந்தது. நான் ஊசியை மேசையில் போட்டுவிட்டு, “நீங்களே உரிச்சிப் பாருங்க” என்று கத்தினேன். அவர் நிறங்களைக் குறைத்தார். அடியில் முழு முகமாக ஒரே துண்டு வெளிர் நிறம், அதன்மேல் நிழலுக்குப் பழுப்பு, அதற்கும் மேல் முடி, புருவம், மீசைக்குக் கறுப்பு, கண்ணுக்கும் சட்டைக்கும் வெள்ளை. நான்கே நிறம். சில்லறைப் புள்ளிகளை அழித்து, பக்கத்தில் பக்கத்தில் இருந்த நிழல்களை ஒன்றாகச் சேர்த்தார். இப்போது உரிப்பது எளிதாக இருந்தது. புருவத்தைத் தவிர.

வெட்டு விழுந்த புருவத்தின் நுனி அரிசி அளவுக்குத் தனியாக நின்றது. உரிக்கும்போது ஒரு தடவை ஊசியோடு வந்தது. வெயில் ஏறினால் பசை இளகும் என்று மறுநாள் காலையிலேயே மறுபடி வெட்டிப் பார்த்தோம். அப்போது டேப்பில் எடுத்து ஒட்டும்போது காணாமல் போனது. படத்தைப் பெரிதாக்கினால் நிற்கும். ஆனால் கண்ணாடியில் எழுத்துக்கும் நம்பருக்கும் இடம் இருக்காது. அவளிடமே கேட்டோம். “நம்பர் பெருசா இருக்கட்டுங்கா” என்றாள். அந்த வெட்டுத் தழும்பை விட்டுவிட்டுப் புருவத்தை ஒரே துண்டாக வெட்டினோம்.

ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மீசை வைத்த ஒரு நல்ல மனிதர். நம் ஊரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. ஒட்டிய பிறகு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு போன் வர ஆரம்பித்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருவர். அனந்தபுரம் சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று இன்னொருவர். அண்ணனும் தங்கையும் ஒவ்வொரு இடத்துக்கும் போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மீசைக்காரர் நின்றார். எல்லாருமே அந்த ஸ்டிக்கர் மாதிரியே இருந்தார்களாம். ஒருவர்கூட அவள் புருஷன் இல்லை.

போன மாதம் அவள் மறுபடி கடைக்கு வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “தங்கச்சி, மூஞ்சிய இன்னும் பெருசாக்கி அந்த வெட்ட வெச்சிக் குடுக்கிறோம். ‘காணவில்லை’ய கீழ சின்னதா போட்டுக்கலாம். கூலி வேணாம். தப்பான ஆளுங்களத் தேடிக்கினு இப்படி பேஜாரா அலையாத” என்றேன்.

அவள் வாசலில் நின்ற அண்ணனின் வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாங்கா. அந்த வெட்ட வெச்சிட்டா அப்புறம் யாரும் போன் பண்ண மாட்டாங்க.”

அவள் வந்தது வேறொரு வேலைக்கு. போன் நம்பரின் கடைசி எண் ஓரம் கிளம்பி நிற்கிறதாம். அதை மட்டும் புதிதாக வெட்டி, ஓரமெல்லாம் அழுத்தித் தேய்த்து ஒட்டிக் கொடுத்தேன்.