ஐந்து பேர் பிணை

1986ஆம் ஆண்டு இலங்கையின் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த செபஸ்தியம்மாவிடம் ஈடு வைக்க ஒன்றுமில்லை. குடியிருந்த ஒற்றை அறை லயக்காம்பிராவும் தோட்டத்துக்கே சொந்தம். அதனால் ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று ஒரு சங்கத்தில் கடன் கேட்டார்கள். முதலில் இருவருக்குக் கிடைத்தது. அந்த இருவரும் தவணை தவறாமல் கட்டினால்தான் மற்ற மூவருக்கும் கிடைக்கும்.

அந்த இருவரில் செபஸ்தியம்மா ஒருத்தி. கடனில் வாங்கிய ஆடு ஆறாம் வாரம் செத்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தவணை நாளன்று கதவைத் தாழிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு அதிர்ந்தது.

"அடியே, ஆடுதானே செத்துச்சு, நீயுமா செத்துட்ட?" என்றாள் அடுத்த கடனுக்குக் காத்திருந்த செசிலி.

செபஸ்தியம்மா திறந்தாள். பிணை நின்ற மற்ற நால்வரும் நின்றார்கள்.

"அக்கா, எங்கிட்ட ஒண்ணுமில்லக்கா."

"லயத்துல எதடி மறையும்? நீ கட்டலேன்னா எங்களுக்கும் கடன் இல்ல. இந்த வாரம் நாங்க போடுறோம். ஞாயித்துக்கெழம, அன்னிக்கே கையில குடுக்குற கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க வா. அந்தக் காசு எங்களுக்கு."

தவணை கட்டியாயிற்று. அவள் பயம் மட்டும் தீரவில்லை. தவணை வாங்கும் சங்கத்து ஐயாவை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். இந்த நால்வரையும் தினமும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பார்க்க வேண்டுமே!