பாண்டிச்செல்வியின் மணிக்கட்டு பட்ஜெட்

என் அறைத்தோழி பாண்டிச்செல்விக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம், வேலை ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. ஹாஸ்டல் பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள், அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் அம்மா மறுநாளே பஸ் ஏறி வந்து கையோடு கூட்டிப் போய்விடுவாள். மாவுக்கட்டோடு கிடந்த ஆறு வாரத்தை ஈஎஸ்ஐ காப்பீட்டுப் பணத்திலும் சேமிப்பிலும் ஒப்பேற்றினாள். மாதாமாதம் ஊருக்குப் போகும் எட்டாயிரம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

கட்டைப் பிரித்த டாக்டர், ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு தடவை பிசியோதெரபி என்றார். ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் போய்விடும், ஒரு நாளுக்குக் கூலி எழுநூறு. ஆகவே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன கிளினிக்கைப் பிடித்தாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்: பீஸ் 250 வீதம் 3000. ஷேர் ஆட்டோ போய்வர 60 வீதம் 720. கைப்பட்டை, வெந்நீர்ப் பை, பிசைகிற பந்து 660. மொத்தம் 4380. மிச்சம் பிடித்து வைத்திருந்தது 4500. லீவு என்ற இடத்தில் பெரிய பூஜ்யம் போட்டாள். காலை ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் கிளினிக், மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலையில் கிளினிக். நிதியமைச்சர் தோரணையில் அதை என்னிடம் நீட்டினாள்.

இந்தத் திட்டத்தைக் கெடுத்தவர் சூப்பர்வைசர் நாகப்பன் சார், அதுவும் நல்ல மனசால். "கை சரியாவுற வரிக்கும் லைட் வொர்க் பண்ணுமா" என்று ஜெனரல் ஷிஃப்டில் போட்டுவிட்டார். அது தொடங்குவது கிளினிக் திறக்கும் முன்பே; முடிவது ஐந்தரைக்கு, போய்ச் சேருவதற்குள் ஆறு மணிக்குக் கிளினிக் மூடிவிடும். பன்னிரண்டு அரை நாள் லீவு போட்டால் 4200 போகும். லீவே எடுக்காதவர்களுக்குத் தரும் 2000 போனஸும் போகும். எனக்கு அந்த மனுஷர் மேல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் அவள் தாளை அப்படியே அவர் மேஜையில் வைத்தாள். கடைசி வரியில் எழுதியிருந்தது: நாகப்பன் சார் கருணை, 6200.

அவர் இரண்டு தடவை படித்தார். "இன்னாமா இது, டாக்டர விட நான் காஸ்ட்லியா கீறேன்?"

"இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் ரெண்டு ஷிஃப்ட்லயும் இருக்குல்லா சார். வெயிட் தூக்க வேண்டாம், நல்லது கெட்டது பாத்துப் பிரிக்கிற வேலைதான். அதுல போடுங்க."

சிரித்துக்கொண்டே அவள் பெயரை அந்த டேபிளுக்கு மாற்றினார். பன்னிரண்டு தடவையும் போய்வந்தாள். ஒரு லீவு இல்லை.

சம்பளம் வந்த அன்று எட்டாயிரம் முழுசாய் ஊருக்குப் போனது. அம்மா போன் செய்தாள், ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஏட்டி, உனக்குன்னு மிச்சம் ஏதாவது இருக்கா?"

"நூத்தி இருவது ரூவா இருக்கும்மா."

"அப்ப ரெண்டு கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கோ. வெறுங்கையா இருக்காத."

பாண்டி சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். நானும்தான்.